இடியப்பம் மாதிரி ஒரு வரைபடம்: கடைக் குசினியில் வீண் நடையைக் கண்டுபிடிப்பது எப்படி

கல்லடியில் அக்காவும் அத்தானும் ஒரு சின்ன இரவுக் கடை நடத்துகிறார்கள். கொத்தும் ரொட்டியும்தான் முக்கியம். "குசினி சின்னன், அதுதான் பிந்துது" என்பது அத்தானின் வழக்கமான குறை. உண்மையில் அந்தக் குசினி 16 அடி நீளம், 12 அடி அகலம். ஒரு கொத்துக்கடைக்கு அது சின்னதே இல்லை. பிறகு ஏன் ஏழரை மணிக்கு மனிதர் வேர்த்து விறுவிறுத்துப் போகிறார்? அதைப் பார்க்கத்தான் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியோடு போய் உட்கார்ந்தேன்.

நான் வரைந்ததற்கு ஸ்பெகட்டி வரைபடம் என்று பெயர். ஒருவர் நடக்கும் தடத்தையெல்லாம் தாளில் கோடாகப் போட்டால் தட்டில் கிடக்கும் நூடில்ஸ் மாதிரி தெரியும், அதனால் அந்தப் பெயர். நம்மூரில் இடியப்ப வரைபடம் என்றே சொல்லலாம். வேலையில் வீணாகும் வகைகள் ஏழு என்று டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ பட்டியலிட்டார். ஆளின் தேவையில்லாத அசைவும் அதில் ஒன்று.

முதலில் தரைப்படம்

அளவு நாடாவால் சுவர்களை அளந்து, ஒரு கட்டம் ஒரு அடி என்று வைத்து வரையுங்கள். அப்புறம் ரொட்டிக் கல், பிரிட்ஜ், வெட்டும் மேசை, கறிச்சட்டி இருக்கும் அடுப்பு, பார்சல் மேசை, தண்ணீர்ப் பைப், கதவு ஆகியவற்றை அதனதன் இடத்தில் பெட்டியாகப் போடுங்கள். அழகு தேவையில்லை, அளவு சரியாக இருந்தால் போதும். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஆள் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிரிட்ஜ் சுவரோடு ஒட்டி இருந்தாலும் ஆள் நிற்பது கதவு திறக்கும் தூரத்துக்கு இப்பால்தான். தூரத்தைப் புள்ளியிலிருந்து புள்ளிக்கு எண்ண வேண்டும்.

அடுத்தது வேலைப் பகுதிகள். பச்சை இறைச்சியும் மரக்கறியும் வெட்டும் இடம், சமைக்கும் இடம், கட்டிக் கொடுக்கும் இடம், கழுவும் இடம் என்று நாலு நிறத்தில் மெல்லியதாகத் தீட்டினால் போதும். ஒரே மேசையில் இரண்டு நிறம் விழுந்தால் அதைக் குறித்து வையுங்கள்.

கோடு போடுவது

நான் விட்ட முதல் பிழை இதில்தான். கடை திறக்குமுன் அத்தானிடம் கேட்டே கோடுகளைப் போட்டேன். கல்லிலிருந்து பிரிட்ஜ், கல்லிலிருந்து கறிச்சட்டி, கல்லிலிருந்து பார்சல் மேசை, இவ்வளவுதான் என்றார். படம் துப்புரவாக இருந்தது. ஆனால் அது அவர் மனதில் இருந்த குசினி.

அடுத்த நாள் இரவு 7 மணியிலிருந்து 8 மணி வரை ஒரு மூலையில் நின்று, அவர் கால் வைத்த இடமெல்லாம் பென்சிலை ஓட்டினேன். ஒரு ஆளுக்கு ஒரு நிறம், ஒரு நடைக்கு ஒரு கோடு. மேசைக்குக் குறுக்கே கோடு போடாதீர்கள். ஆள் சுற்றித்தான் போவார், சுற்றியே வரையுங்கள். ஒரே தடத்தில் கோடுகள் நெருங்கி எண்ண முடியாமல் போனால், ஓரத்தில் எண்ணிக்கைக் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். சனம் இல்லாத நேரத்தில் வரைவதில் பயனில்லை. அத்தோடு நீங்கள் பார்க்கிறீர்கள் என்று தெரிந்தால் முதல் பத்து நிமிடம் ஆள் ஒழுங்காக நடப்பார். அந்தப் பத்து நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நான் ஆறே முக்காலுக்கே போய் நின்றுவிட்டேன்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் பத்துக் கொத்து போனது. அத்தானின் கணக்கு இது, எல்லாம் போய்வரும் தூரம்:

| தடம் | ஒரு தடவை | எத்தனை தடவை | மொத்தம் |
|---|---|---|---|
| பிரிட்ஜ் (முட்டை, கோழி) | 22 அடி | 10 | 220 |
| கறிச்சட்டி | 18 அடி | 10 | 180 |
| வெட்டும் மேசை | 26 அடி | 3 | 78 |
| பார்சல் மேசை | 14 அடி | 10 | 140 |
| காசு லாச்சி, பிறகு பைப், திரும்பக் கல் | 34 அடி | 8 | 272 |

கூட்டினால் 890 அடி. கடைசி வரியைப் பாருங்கள். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. காசு லாச்சி பார்சல் மேசையில் இருந்தது. யாராவது காசு நீட்டினால் கல்லை விட்டுப் போய் வாங்கி, மிச்சம் கொடுத்து, மூலைப் பைப்பில் கை கழுவிவிட்டு வருவார். குசினியில் ஆக நீளமான நடைக்கும் சமையலுக்கும் சம்பந்தமே இல்லை!

எதை நகர்த்துவது

படத்தைப் பார்த்ததும் கல்லையும் பிரிட்ஜையும் தூக்கி மாற்றத்தான் மனம் போகும். வேண்டாம். கல்லுக்கு மேலே புகை போகும் வழி இருக்கிறது, கேஸ் குழாயும் அங்கேதான் வருகிறது. முதலில் சின்னச் சாமான்களை நகர்த்துங்கள். எந்தத் தடத்தின் மொத்தம் பெரிதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

காசு லாச்சி வாசல் பக்கம் போனது. மேசை பார்க்கும் பையன்தான் இனிக் காசு வாங்குவான். கல்லுக்கு வலப்பக்கம் ஒரு சின்ன மேசை வந்தது. முட்டைத் தட்டும் வெட்டிய மரக்கறிப் பெட்டியும் அதில். கறிச்சட்டி கல்லுக்கு இடப்பக்கம் ஒரு சின்ன அடுப்பில். பார்சல் மேசை கல்லிலிருந்து 3 அடிக்கு வந்தது.

கோழியில் மட்டும் அவசரப்படாதீர்கள். அவித்த கோழியையும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்று அத்தான் சொன்னார். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். கல்லுக்குப் பக்கத்துச் சூடு அதற்குத் தோதானது. அதனால் கோழி பிரிட்ஜிலேயே இருக்கிறது. ஐந்து கொத்துக்கு வேண்டியதை மட்டும் ஒரு தடவையில் எடுத்து உடனே முடிக்கிறார். கறி கொதிக்கும் சூட்டில் இருப்பதால் அதில் அந்தப் பயமில்லை, அடுப்பை அணைக்காத வரைக்கும்.

மேசையை இழுக்குமுன் அதன் அளவை வெண்கட்டியால் தரையில் கீறி, ஒரு இரவு அதைச் சுற்றி நடந்து பாருங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் நேரே மேசையைப் போட்டோம். நடக்க மிஞ்சிய வழி 2 அடி. முதல் இரவே அத்தான் கறிச்சட்டியோடு திரும்ப, அக்கா பார்சலோடு வர, இருவரும் முட்டிக்கொண்டார்கள். "உன்ட படத்த கொண்டு போ" என்றாள் அக்கா. ஒரு ஆள் போக 3 அடியாவது வேண்டும். இரண்டு பேர் குறுக்கிடும் இடமென்றால் 4 அடி. மேசையை அகலம் குறைந்த ஒன்றாக மாற்றியபின் வழி 3 அடியானது. அத்தானின் கோடும் அக்காவின் கோடும் வெட்டிக்கொள்ளும் இடங்களை முதல் படத்திலேயே வட்டமிட்டிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

திரும்பவும் வரையுங்கள்

இரண்டு கிழமை கழித்து அதே நேரம், அதே பத்துக் கொத்து. பிரிட்ஜ் இரண்டு தடவை 44 அடி, கறி நிரப்ப ஒரு தடவை 18, மரக்கறி எடுக்க ஒரு தடவை 26, பார்சல் மேசை பத்துத் தடவை 60, கை கழுவ இரண்டு தடவை 60. மொத்தம் 208. எல்லா ஆட்களையும் வரைந்தபடியால் இன்னொன்றும் தெரிந்தது: பையனின் கோடு கொஞ்சம் நீண்டிருக்கிறது. காசு வேலை மறையவில்லை, கை மாறியிருக்கிறது. அவன் எப்படியும் வாசலுக்கும் மேசைகளுக்கும் நடப்பவன் என்பதால் அதை ஏற்றுக்கொண்டோம். அத்தானை மட்டும் வரைந்திருந்தால் 682 அடி மிச்சம் என்று பெருமை பேசியிருப்பேன்.

புதுப் படத்தில் இன்னும் நீண்டு கிடப்பது பைப்புக்குப் போகும் கோடு. பைப்பைக் கல்லுக்குப் பக்கத்தில் இழுத்தால் 60 அடி குறையும், ஆனால் தரையை உடைக்க வேண்டும். அத்தான் அதைத் தொடச் சம்மதிக்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு தடவை கை கழுவப் போவதுதானே, போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.