மசக்கையைச் சமாளித்த விதம்: பாம்பனில் இருக்கும் அம்மாவுக்கு

அம்மா, நீ பாட்டியாகப் போகிறாய். ஒன்பதாவது வாரம் நடக்கிறது. ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்தது. அப்பாவிடம் நீயே சொல், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மசக்கைதான் பாடாய்ப்படுத்தியது. காலையில் பல் துலக்கினாலே குமட்டும். வயிறு காலியாக இருந்தால் அது அதிகமாகும் என்று இங்குள்ள மருத்துவர் விளக்கினார். அதனால் தலைமாட்டில் ரஸ்க் வைத்திருக்கிறேன். படுத்தபடியே இரண்டைத் தின்று, கால் மணி நேரம் கழித்துத்தான் எழுகிறேன். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே குடிக்கிறேன். சூடான குழம்பின் வாடை ஆகாததால் பெரும்பாலும் ஆறிய தயிர்சோறுதான். குமட்டல் முற்றிலும் போகவில்லை, வாந்தி குறைந்துவிட்டது. குடித்த தண்ணீரும் தங்காமல், சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகப் போனால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.

சுறாக் கருவாடு மட்டும் கொடுத்தனுப்பாதே. சுறாவில் பாதரசம் அதிகம். கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கு ஆகாதாம். சுறாப்புட்டு ஆசையை அடக்கிக்கொள்கிறேன், வேறு வழி? நெத்திலி அனுப்பலாம், ஊறவைத்து உப்பைக் குறைத்துக்கொள்வேன்.

அத்தையிடம் இப்போதைக்குச் சொல்லிவிடாதே. மூன்று மாதம் முடியட்டும்.