மாற்றல் வந்ததும் வாடகை ஒப்பந்தத்தை இடையில் முடித்துக்கொள்வது எப்படி?

1. ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். உரிமையாளரிடம் பேசும் முன் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எத்தனை நாள் முன்னறிவிப்பு, குறைந்தபட்சம் எத்தனை மாதம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை, உள்வாடகைக்கு விடலாமா கூடாதா. மாற்றல் வந்தால் விலகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. எழுதவில்லை என்றால், நீங்கள் கேட்பது உரிமை இல்லை, சம்மதம். பேச்சும் அதற்கேற்ப இருக்கட்டும்.

2. வீடு சும்மா கிடக்கும் நாட்களைக் கணக்கிடுங்கள். உரிமையாளரின் பெரிய கவலை இதுதான். ஓராண்டு ஒப்பந்தத்தில் ஏழு மாதம் முடிந்துவிட்டது, முன்னறிவிப்பு ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வோம். 1ஆம் தேதி கடிதம் கொடுத்து 30ஆம் தேதி காலி செய்கிறீர்கள். உங்களுக்குப் பதிலாகக் குடிவரும் புதியவர் அடுத்த மாதம் 11ஆம் தேதிதான் வர முடியும். இடையில் 10 நாள், அதாவது மாத வாடகையில் மூன்றில் ஒரு பங்கு. அதை நீங்களே தருவதாகச் சொல்லிவிடுங்கள். மீதி மாத வாடகை முழுவதையும் கேட்க நினைத்தவர்கூட இறங்கி வர இது நல்ல காரணம்.

3. பேசிவிட்டு, எழுத்தில் கொடுங்கள். மாற்றல் உத்தரவின் நகலை இணைத்து இப்படி எழுதலாம்:

"ஐயா, பணி மாற்றல் காரணமாக இந்த மாதம் 30ஆம் தேதி வீட்டைக் காலி செய்ய அனுமதி கேட்கிறேன். குடிவர விரும்பும் ஒருவரை அறிமுகம் செய்கிறேன். அவரை ஏற்பது தங்கள் விருப்பம். அவர் அடுத்த மாதம் 11ஆம் தேதி வருவதானால், இடைப்பட்ட 10 நாள் வாடகையை நான் தந்துவிடுகிறேன்."

"தங்கள் விருப்பம்" என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். புதியவரின் வேலை, குடும்பம் பற்றி உரிமையாளர் நேரில் விசாரிக்கட்டும். நீங்கள் ஜாமீன் நிற்க வேண்டாம்.

4. பழைய ஒப்பந்தத்தை முடித்து, புதியது போடச் சொல்லுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். "அட்வான்ஸை நீங்களே புதியவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், பேப்பர் அப்படியே இருக்கட்டும்" என்று உரிமையாளர் சொன்னால் சரி என்று தலையாட்டாதீர்கள். காகிதத்தில் குடித்தனக்காரர் இன்னும் நீங்கள்தான். புதியவர் வாடகை பாக்கி வைத்தாலும், கதவை உடைத்தாலும் கேள்வி உங்களிடம் வரும். அவருக்கும் ஆபத்து உண்டு: நீங்கள் சுவரில் போட்ட ஓட்டைக்கு அவர் அட்வான்ஸில் கை வைப்பார்கள்.

அதனால் உரிமையாளர் உங்கள் அட்வான்ஸை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். புதியவரிடம் தனியாக வாங்கிக்கொள்ளட்டும். "இன்ன தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது, வாடகை பாக்கி இல்லை" என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

5. சாவி கொடுக்கும் நாள். உரிமையாளரோடு அறை அறையாகப் பார்த்துப் படம் எடுங்கள். அப்புறம் மின் மீட்டர் எண்ணைக் குறித்து, அதே தாளில் சேர்த்துவிடுங்கள். சாவியை அவர் கையிலேயே கொடுங்கள், புதியவரிடம் வேண்டாம்.