250 சொல்லுக்குள் மாநாட்டுச் சுருக்கம்: முடிவுகளிலிருந்து தொடங்குங்கள்

எக்செல் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னணியை எழுத ஆரம்பித்தால், பாதிச் சொற்கள் அதிலேயே போய்விடும். முதலில் முடிவுகளை எழுதுங்கள். அதற்கு நூறு சொல், செய்முறைக்கு எழுபத்தைந்து, மீதி பின்னணிக்கும் முடிவுரைக்கும்.

ஒரு கற்பனை உதாரணம். நீரிழிவு நோயாளிகள் 80 பேரில், குலுக்கல் முறையில் 40 பேருக்கு மட்டும் போனில் நினைவூட்டினோம். அவர்களில் 28 பேர் மறுபரிசோதனைக்கு வந்தார்கள், மற்ற 40 பேரில் 18 பேர். "குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தது" என்று மட்டும் எழுதினால் மதிப்பீட்டாளருக்கு ஒன்றும் தெரியாது. இப்படி எழுதுங்கள்: "நினைவூட்டப்பட்டோரில் 28/40 (70%), மற்றவரில் 18/40 (45%) வந்தனர், வேறுபாடு 25 சதவீதப் புள்ளிகள் (95% நம்பக இடைவெளி 4–46)."

அப்புறம் செய்முறை: யார், எங்கே, எப்படிப் பிரித்தோம், எதை அளந்தோம். முடிவுகளில் வராத அளவீடு இங்கே இருந்தால் வெட்டிவிடலாம். பின்னணிக்கு இரண்டே வாக்கியம். இரண்டாவது வாக்கியத்தில் ஆய்வின் நோக்கம்.

முடிவுரையில்தான் பலர் சறுக்குகிறார்கள். நாம் அளந்தது வருகையை. "சர்க்கரை கட்டுப்படும்" என்று எழுத இந்தத் தரவில் இடமில்லை.

கடைசியில் சில சொல் 250-ஐத் தாண்டினால், எழுத்துகளுக்கு நடுவே விட்ட வெற்றிடங்களைப் பாருங்கள். `n = 40` என்பதை வேர்ட் மூன்று சொல்லாக எண்ணும், `n=40` ஒன்றுதான்.