நாற்பதைத் தாண்டி ஓடத் தொடங்குகிறீர்களா? புத்தகத்தை முதலில் இப்படிச் சோதியுங்கள்

நாற்பத்தாறு வயதில் நான் ஓடத் தொடங்கியது ஒரு புத்தகத்தைப் பார்த்துத்தான். முதல் வாரமே இருபது நிமிடம் நிற்காமல் மெதுவாக ஓடச் சொன்னது, ஓடினேன், மூன்றாவது வாரத்தில் மூச்சுகூடச் சுலபமாகிவிட்டது, நான்காவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்விளிம்பில் வலி பிடித்து ஆறு வாரம் படிக்கட்டு ஏறவே யோசிக்க வேண்டியதாகிவிட்டது. அந்தப் புத்தகத்தில் இந்த வலியைப் பற்றி ஒரு வரி கிடையாது. பிறகுதான் முன்னுரையைச் சரியாகப் படித்தேன், அது கல்லூரிப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது.

அதிலிருந்து, ஓட்டப் புத்தகம் எது கையில் கிடைத்தாலும் முதல் அத்தியாயத்திலிருந்து படிப்பதில்லை. மூன்று இடங்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பேன், அரை மணி நேரம் போதும். அதே வரிசையில் சொல்கிறேன்.

படி 1: இதயத்தைப் பற்றி என்ன சொல்கிறது?

ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கரின் 'தி கம்ப்ளீட் புக் ஆஃப் ரன்னிங்' 1977இல் வந்தது. லட்சக்கணக்கானவர்களை ஓட வைத்த புத்தகம் அது. அவரே முப்பதுகளின் நடுவில் பருமனாக, நிறைய சிகரெட் பிடிப்பவராக இருந்து, ஓடத் தொடங்கி இரண்டையும் விட்டொழித்தவர். 1984 ஜூலையில், 52 வயதில், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கடுமையான அடைப்பு தெரிந்தது. அவருடைய அப்பாவுக்கு முதல் மாரடைப்பு 35 வயதில், இறந்தது 43 வயதில்.

இதைப் படித்துவிட்டு ஓட்டம்தான் அவரைக் கொன்றது என்று முடிவு கட்ட வேண்டாம். பரம்பரையாக வந்த ஆபத்தை ஓட்டத்தால் முழுவதும் துடைத்துவிட முடியாது என்பதுதான் இதில் தெரிகிற விஷயம். 1970களில் ஒரு நோய்க்கூறியல் மருத்துவர், மாரத்தான் ஓடி முடிப்பவர்களுக்கு இதயக்குழாய் நோயே வராது என்று சொல்லிவந்தார். மாரத்தான் ஓட்டக்காரர்களுக்கும் அது வந்திருப்பதை தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1979இல் காட்டிவிட்டார்கள். ஆனாலும் 'ஓடுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது' என்ற தொனி பல பழைய புத்தகங்களில் ஊறிக் கிடக்கிறது. அந்தத் தொனி தெரிந்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள். ஃபிக்ஸ் இறந்த மறு வருடம் கென்னத் கூப்பர் என்ற மருத்துவர் 'ரன்னிங் விதவுட் ஃபியர்' என்று ஒரு புத்தகமே எழுதினார். இந்தப் பயத்தை நேராக எடுத்துப் பேசுகிற புத்தகம் அது, இன்றும் படிக்கலாம், ஆனால் பரிசோதனை பற்றிய ஆலோசனைகளுக்கு மட்டும் புதிய பதிப்புள்ள ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அந்த ஆலோசனை மாறிவிட்டது. வயதானாலே டிரெட்மில் பரிசோதனை செய்துவிட்டு வா என்பதுதான் முன்பு வழக்கம். 2015இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு அதை மூன்று கேள்விகளாக மாற்றியது: இப்போது முறையாக உடற்பயிற்சி செய்கிறீர்களா, இதயம், சர்க்கரை, சிறுநீரகம் சார்ந்த நோயோ அறிகுறியோ இருக்கிறதா, எவ்வளவு கடுமையாகச் செய்யப் போகிறீர்கள். நோயும் இல்லை, அறிகுறியும் இல்லை என்றால் வேக நடை அளவில் தொடங்க மருத்துவரின் அனுமதி தேவைப்படாது. இருந்தால் முதலில் மருத்துவர், அப்புறம்தான் ஷூ. இந்த மூன்றையும் ஏதோ ஒரு வடிவில் கேட்கிற புத்தகம் தேறிவிட்டது. என் சொந்தக் கருத்து, அப்பா அம்மா அண்ணன் தம்பி யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், கேள்வித்தாளில் அது இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும் என்றும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், அது தாடைக்கோ கைக்கோ பரவுவது, ஓடும் வேகத்துக்குப் பொருந்தாத மூச்சு வாங்கல், தலைசுற்றல், படபடப்பு. இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. சில நிமிடத்தில் அடங்காத நெஞ்சு இறுக்கம் என்றால் உடனே அவசர உதவிக்கு அழைக்க வேண்டும்.

படி 2: முதல் வார அட்டவணையைக் கூட்டிப் பாருங்கள்

பென்சிலை எடுத்து, முதல் நாளில் மொத்தம் எத்தனை நிமிடம் ஓடச் சொல்கிறது, ஒரே மூச்சில் அதிகபட்சம் எவ்வளவு என்று இரண்டு எண்களை ஓரத்தில் எழுதுங்கள். அளவுகோலாக ஐந்து கிலோமீட்டர் ஓடப் பழக்குவதற்காக ஜாஷ் கிளார்க் 1996இல் உருவாக்கிய ஒன்பது வார 'கவுச் டு 5கே' திட்டத்தை வைத்துக்கொள்ளலாம், பல புத்தகங்கள் அதைப் போலத்தான் அட்டவணை போடுகின்றன. அதில் முதல் நாள் ஐந்து நிமிட வேக நடைக்குப் பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி இருபது நிமிடம். ஒரு சுற்று இரண்டரை நிமிடம், எட்டுச் சுற்று, ஆக மொத்த ஓட்டம் எட்டே நிமிடம், ஒரே மூச்சில் ஒரு நிமிடம். என்னுடைய பழைய புத்தகத்தில் இரண்டு இடத்திலும் இருபது. வித்தியாசம் அங்கேயே தெரிகிறது.

ஜெஃப் காலோவேயின் புத்தகங்களும் இந்த வகையில் நம்பகமானவை. 1972 ஒலிம்பிக்கில் ஓடியவர், ஆனால் நடையை ஓட்டத்துக்குள்ளேயே கலந்து, களைப்பு வருவதற்கு முன்பே நடக்கச் சொல்கிறார். வேகம் எவ்வளவு என்பதற்கு ஓட்டப் பயிற்சியாளர் பில் போவர்மேனும் இதய மருத்துவர் ஹாரிஸும் சேர்ந்து 1967இல் எழுதிய 'ஜாகிங்' சொன்ன வழி இன்னும் செல்லுபடியாகிறது: பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். ஒரு முழு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் இடையில் மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம்.

சில புத்தகங்கள் இதற்குப் பதிலாக நாடித்துடிப்புக் கணக்கு கொடுக்கும், 220இலிருந்து வயதைக் கழி என்று. 48 வயதுக்கு 172 வரும். ஆனால் அதே வயதுள்ள இருவரின் உண்மையான உச்சத் துடிப்பு இருபது வரைகூட வேறுபடலாம், ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. பேச்சுச் சோதனையை விட்டுவிட்டு இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்கிற புத்தகத்தை நான் ஒதுக்கிவிடுவேன்.

படி 3: வலித்தால் என்ன செய்யச் சொல்கிறது?

எனக்கு மிக முக்கியம் இந்தப் பக்கம்தான். இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே பழகிவிடும், தசைநாணும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். நான்காவது வாரத்தில் உடம்பு 'இன்னும் ஓடலாம்' என்கிறது, குதிகால் தசைநாணுக்கு அது தெரியாது. நடுத்தர வயதில் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும்தான் முதலில் முரண்டு பிடிக்கும்.

இதற்கு மருந்தாக 'ஓட்டத்தின் அளவை வாரம் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே' என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. 2008இல் நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்கு அந்தப் பத்து சதவீத விதிப்படி 13 வாரத் திட்டமும், இன்னொன்றுக்கு வழக்கமான எட்டு வாரத் திட்டமும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் காயப்பட்டவர்கள் ஐந்தில் ஒருவர், வித்தியாசமே இல்லை. ஆகவே விதி எழுதியிருக்கிறது என்பதற்காகப் புத்தகத்தை நம்பாதீர்கள். வலி வந்தால் எத்தனை வாரம் பின்னால் போவது, மறுபடி எங்கிருந்து தொடங்குவது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கூடவே எந்த வலி எப்படிப்பட்டது என்று பிரித்துச் சொல்லவும் வேண்டும். எனக்கு வந்த வலியையே எடுத்துக்கொள்வோம். நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரலால் கீழ்க்கால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கணுக்கால் வரை மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பு விளிம்பின் எரிச்சல், ஓட்டத்தைக் குறைத்தால் படிப்படியாக அடங்கும். ஒரே ஒரு புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில், தொட்டாலே சுருக்கென்று வலித்தால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் கீறல் இருக்கக்கூடும். அதற்கு ஓட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஓடி ஓடிச் சரிசெய்கிற விஷயம் இல்லை அது.

மற்ற சின்ன வலிகளுக்கு நான் வைத்திருக்கிற விதி இது: பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் இல்லாமல் போயிருந்தால் தொடரலாம். காலையிலும் இருந்தால் போன வாரத்துக்குத் திரும்ப வேண்டும்.

படி 4: தேறிய புத்தகத்தைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்

நல்ல அட்டவணையிலும் ஒரு பள்ளம் இருக்கும். அந்த ஒன்பது வாரத் திட்டத்தின் ஐந்தாவது வாரத்தைப் பாருங்கள். முதல் நாள் ஐந்து நிமிட ஓட்டம் மூன்று முறை, இரண்டாம் நாள் எட்டு நிமிடம் இரண்டு முறை, மூன்றாம் நாள் இருபது நிமிடம் ஒரே மூச்சில். கூட்டினால் 15, 16, 20, பெரிதாக ஏறவில்லை. ஆனால் நிற்காமல் ஓடும் நேரம் 5, 8, 20 என்று தாவுகிறது. உட்கார்ந்த வேலையில் இருக்கும் 48 வயது நண்பர் ஒருவர் போன வருடம் இந்த மூன்றாம் நாளில்தான் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வலி முழுக்க அடங்கியதும் நான்காவது வாரத்திலிருந்து திரும்பத் தொடங்கினோம். ஐந்தாவது வாரத்தின் முதல் இரண்டு நாளையும் ஒரு முழு வாரம் மாற்றி மாற்றிச் செய்தார். அடுத்த வாரம் பத்து நிமிட ஓட்டம், மூன்று நிமிட நடை, எட்டு நிமிட ஓட்டம். அதற்கடுத்த வாரம் பதின்மூன்று, இரண்டு நிமிட நடை, ஏழு. அதன் பிறகே இருபது. ஒரு நாள் திட்டம் மூன்று வாரமானது. ஓடாத நாட்களில் வாரம் இரண்டு முறை, படிக்கட்டு ஓரத்தில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவதைச் சேர்த்தோம். தசைப் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது, பழைய ஓட்டப் புத்தகங்கள் பலவற்றில் அந்த அத்தியாயமே இருக்காது, ஓரத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு அலமாரியில் வைக்க வேண்டியவை சில உண்டு. ஜோ ஃப்ரீலின் 'ஃபாஸ்ட் ஆஃப்டர் 50' தலைப்பைப் பார்த்தால் நமக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும், ஆனால் அது பல வருடம் பயிற்சி செய்து பழகியவர்களுக்கு. 'பார்ன் டு ரன்' வெறுங்கால் ஓட்டத்தைப் புகழ்கிற அருமையான கதை, அதைப் படித்த சூட்டில் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினால் கூடுதல் சுமை கெண்டைக்காலுக்கும் பாதத்தின் முன்னெலும்புகளுக்கும் போய்விடும். இரண்டையும் இருபது நிமிடம் சுலபமான பிறகு எடுத்துப் படியுங்கள்.

நண்பருடைய புத்தகத்தில் இப்போது ஐந்தாவது வாரப் பக்கத்தின் ஓரம் முழுக்கப் பென்சில் எழுத்து: தேதி, நிமிடம், அதற்குப் பக்கத்தில் மறுநாள் காலை முதல் அடியில் வலி எத்தனை என்று ஓர் எண். கடைசி நான்கு வரியிலும் அந்த எண் பூஜ்யம், அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆறாவது வாரத்துக்குப் பக்கத்தைத் திருப்பினார்.