‘கடைசி நாள்’ என்று எழுதுவதற்கு முன்: தையலகத்துக்கான தீபாவளி அறிவிப்பு

வெள்ளவத்தையில் அக்கா நடத்தும் தையலகத்துக்கு வாட்ஸ்அப் அறிவிப்புகளை எழுதுவது என் வேலை. பண்டிகைக் காலத்தில் எல்லாக் கடைகளிலிருந்தும் ‘இன்றே கடைசி’, ‘முந்துங்கள்’ என்று செய்திகள் வந்து குவிகின்றன. மறுநாளும் அதே விலைதான். வாடிக்கையாளர்கள் அதைக் கண்டுகொண்டுவிட்டார்கள், ஆகவே உண்மையான கடைசி நாளைக்கூட அவர்கள் நம்புவதில்லை. நம்பும்படியான ஒரு கடைசி நாளை எப்படிக் கணக்கிட்டு எப்படி எழுதுவது என்பதை 2025 தீபாவளிக் கணக்கை வைத்தே சொல்கிறேன். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை நிறுவுவது, தொடர்புகளைச் சேர்ப்பது போன்றவை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் கொப்பியில் கணக்கு

தீபாவளி ஒக்டோபர் 20, திங்கட்கிழமை. சனிக்கிழமை 18ஆம் திகதிக்குள் எல்லோர் கையிலும் பிளவுஸ் இருக்க வேண்டும். அளவு பிடிக்காமல் திருப்பிக் கொண்டுவருபவர்களுக்காக இரண்டு நாள் ஒதுக்கினால், தையல் 15ஆம் திகதி புதன்கிழமை முடிய வேண்டும். செப்டெம்பர் 15இலிருந்து அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளையும், ஒக்டோபர் 6 போயா விடுமுறையையும், இயந்திரங்களைச் சரஸ்வதி பூசைக்கு வைக்கும் ஒக்டோபர் 1ஐயும் கழித்தால் 25 வேலை நாட்கள். லைனிங் வைத்த பிளவுஸ் நாளுக்கு எட்டு தைக்கலாம். மொத்தம் 200. இயந்திரப் பழுதுக்கும் அவசர வேலைக்கும் 20ஐ விட்டால் 180.

இந்த 180தான் உங்கள் அறிவிப்பின் முதுகெலும்பு. ‘இடங்கள் குறைவு’ என்று எழுதும் உரிமை இந்த எண்ணிலிருந்து வருகிறது. எண் இல்லையென்றால் அந்த வரியை எழுதாதீர்கள்.

விலைக்கழிவுக்கு ஏன் ஒரு முடிவு நாள்?

இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் யோசித்தேன். ஓடர் எடுப்பதை நிறுத்தும் நாளுக்குக் காரணம் தெளிவாக இருக்கிறது, தைக்க நாள் இல்லை. ஆனால் முன்கூட்டியே தருபவருக்குக் கழிவு கொடுத்து, அந்தக் கழிவு ஒரு குறிப்பிட்ட நாளில் முடிகிறது என்று ஏன் சொல்ல வேண்டும்? அதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒரே கேள்வி: மறுநாள் வருபவருக்கும் அதே விலைக்குக் கொடுத்தால் நமக்கு என்ன நட்டம்? பதில் ‘ஒன்றும் இல்லை’ என்றால் அந்த முடிவு நாள் பொய். கழிவைக் கொடுங்கள், அல்லது கொடுக்காமல் விடுங்கள். திகதி போடாதீர்கள்.

எங்கள் பதில் இது. சரஸ்வதி பூசைக்கு முன் 14 வேலை நாட்கள், அதாவது 112 பிளவுஸ். பூசைக்குப் பின் 11 நாட்கள், 88 பிளவுஸ். வாடிக்கையாளர்களோ பெரும்பாலும் பூசை முடிந்துதான் துணி கொண்டுவருகிறார்கள். செப்டெம்பரில் இயந்திரங்கள் சும்மா இருக்கின்றன, ஒக்டோபரில் தைப்பவர்கள் இரவு வரை இருக்கிறார்கள். மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. ஒரு பிளவுஸுக்கு 600 ரூபா கூலி என்றால் இரவில் அது 900 ஆகிறது. முன்கூட்டி வரும் ஒவ்வொரு ஓடரும் அந்த 300 ரூபாவை மிச்சப்படுத்துகிறது. அதில் 200ஐ வாடிக்கையாளருக்கே கொடுத்தோம். செப்டெம்பர் 20க்குப் பின் வரும் துணி பூசைக்கு முன் முடியும் என்று உறுதி சொல்ல முடியாது, மிச்சமும் இல்லை. ஆகவே கழிவு அன்று முடிகிறது. எண்ணிக்கையையும் 100 என்று வைத்தோம். 150 பேர் வந்துவிட்டால் இந்தக் காரணமே உடைந்துபோகும்.

கழிவுக்கு முந்தைய வாரம் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு குறைப்பதைச் சிலர் தந்திரம் என்கிறார்கள். அது ஏமாற்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை வியாபாரிக்குத் தடைசெய்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதுவதும் வியாபாரம்தான்.

செய்தி

> வணக்கம். தீபாவளி பிளவுஸ் ஓடர்களை இப்போது எடுக்கிறோம். செப்டெம்பர் 20, சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் துணியும் அளவும் தந்தால் 2,000 ரூபாவுக்குப் பதில் 1,800 ரூபா. அந்தத் துணிகளைச் சரஸ்வதி பூசைக்கு முன் இரவு வேலை இல்லாமல் தைத்துவிடலாம் என்பதால் இந்தக் கழிவு. 100 பிளவுஸ் சேர்ந்துவிட்டால் அதற்கு முன்பே முடிந்துவிடும். அதன் பிறகு வழக்கமான விலை, ஒக்டோபர் 8 வரை ஓடர் எடுப்போம். இத்தகைய செய்திகள் வேண்டாமெனில் ‘வேண்டாம்’ என்று மட்டும் அனுப்புங்கள்.

இதில் ‘துணியும் அளவும் தந்தால்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ‘எனக்கு இரண்டு’ என்று பதில் அனுப்பியதே ஓடர் என்று பலர் எண்ணுவார்கள். துணி ஒக்டோபரில் வரும், கழிவு கேட்பார்கள், மனக்கசப்பு வரும். எது நடந்தால் இடம் உறுதி என்பதை முதல் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.

பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தமது தொலைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். இதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது பிடிக்கும், நம்மைத் தெரியாதவரை இது தொந்தரவு செய்வதில்லை. எண்களை விலைக்கு வாங்கி மொத்தமாக அனுப்பும் மென்பொருட்களை நான் தொடுவதில்லை. ஓடும் கடிகாரப் படங்களும் வேண்டாம். எண்ணிக்கைக்குக் கடைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை போதும், தைப்பவர்களும் அதைப் பார்த்தே வேலை செய்கிறார்கள்.

நினைவூட்டல் ஒன்றே ஒன்று

விசாரித்துவிட்டுத் துணி தராதவர்களுக்கு மட்டும், கழிவு முடிவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் ஒரு முறை. எத்தனை இடம் மீதி என்று எழுதும்போது நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்: ‘செப்டெம்பர் 18 மாலை 6 மணி நிலவரப்படி 23 இடங்கள்.’ செய்தியை இரண்டு நாள் கழித்துத் திறப்பவர் அந்த எண்ணை இன்றைய எண் என்று நம்பி வரக்கூடாது. ‘எல்லோரும் தந்துவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் மீதி’ என்பது போன்ற வரிகள் வேண்டவே வேண்டாம். அவருக்கு இந்த ஆண்டு புதுச் சேலையே இல்லாமல் இருக்கலாம்.

பிற்சேர்க்கை: நாள் கடந்து வருபவர்கள்

இதைப் படித்த ஒரு வாசகி கேட்டார்: “செப்டெம்பர் இருபத்திரண்டாம் திகதி, பல வருடப் பழக்கமுள்ள அன்ரி ஒருவர் வந்து அதே விலை கேட்டால் எப்படி மறுப்பது?” அக்கா சொல்லும் பதிலை அப்படியே தருகிறேன்: “அன்ரி, சனிக்கிழமை வரை தந்தவர்களுக்குத்தான் அந்த விலை. உங்களுக்கு மட்டும் தந்தால் ஓடி வந்து தந்தவர்களுக்கு நான் பொய் சொன்னதாகிவிடும். இடம் இருக்கிறது, ஒக்டோபர் பதினெட்டாம் திகதிக்குள் கட்டாயம் தருவேன்.” அன்ரி முகம் சுளித்தாலும் துணியைத் தந்துவிட்டுத்தான் போவார்.

இன்னொருவர், 180 நிரம்பிவிட்டது என்று அறிவித்த பின் யாராவது ஓடரை விலக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டார். ‘மீண்டும் இடம் திறந்தது’ என்று எல்லோருக்கும் அறிவிக்காதீர்கள், முதலில் சொன்னதே பொய்யோ என்று தோன்றும். நிரம்பிய பின் கேட்டவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிவைத்து, முதலாமவரை அழையுங்கள். அவருக்கு வேண்டாமென்றால் அடுத்தவர். வரிசையில் யாரும் இல்லையென்றால் அந்த இடத்தைத் திருத்த வேலைகளுக்கு விட்டுவிடுங்கள், அந்த வாரத்தில் அது எப்படியும் தேவைப்படும்.