மங்கிய எழுத்துக்கு எந்தத் தடிமன்? அளந்து கண்டுபிடிக்கும் வழி

மங்கிப்போன ஒரு சிறுநூலை முதன்முதலாக மறுதட்டச்சு செய்தபோது, கண்ணை நம்பி லைட் என்ற மெல்லிய தடிமனில் தட்டினேன். பழைய பக்கத்தையும் புதிய அச்சையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது என் எழுத்துகள் பட்டினி கிடந்தவை போலத் தெரிந்தன. மூலம் ரெகுலர் என்ற வழக்கமான தடிமனில் அச்சானது. மை வெளுத்திருந்ததே தவிர, கோடு மெலியவில்லை. கண் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறது. வெளிர்ந்த கோட்டை மெல்லிய கோடு என்றே காட்டுகிறது.

ஆகவே தடிமனைக் கருமையிலிருந்து பிரித்து அளக்க வேண்டும். இதற்கு ஒரு ஸ்கேனரும், இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளும், மூலத்துக்கு நெருக்கமான ஓர் எழுத்துருவும் போதும்.

முதலில் ஸ்கேன்

600 டிபிஐ, வண்ணம், டிஃப் கோப்பு. கறுப்பு–வெள்ளை முறையை மட்டும் தொடாதீர்கள். அந்த முறையில் ஸ்கேனர் ஒரு வெட்டுக்கோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிக்சலையும் கறுப்பா வெள்ளையா என்று தானே தீர்ப்பளித்துவிடும். நமக்குத் தேவையான தகவல் அந்த இடத்திலேயே போய்விடும். ‘தானாகச் சீராக்கு’, ‘கூர்மையாக்கு’ போன்றவற்றையும் அணைத்துவிடுங்கள்.

இமேஜ்ஜேயில் படத்தைத் திறந்து `Image > Color > Split Channels` கொடுத்தால் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சாம்பல் படங்கள் கிடைக்கும். தாளும் மையும் எதில் அதிகம் பிரிந்து தெரிகின்றனவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளேறிய தாளில் கறுப்பு மை என்றால் பெரும்பாலும் சிவப்புதான் வெல்லும். மஞ்சள் கறை அதில் ஏறக்குறைய வெள்ளையாகவே தெரிவதே காரணம்.

அடுத்து `Process > Math > Gamma` சென்று 2.2 என்று கொடுங்கள். சாதாரணப் படக் கோப்பில் இருக்கும் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருப்பதில்லை. இந்த மாற்றம் அவற்றை ஏறக்குறைய நேராக்கும். இதைச் செய்யாவிட்டால், வெளிர்ந்த மூலமும் பளிச்சென்ற புதிய அச்சும் ஒரே தடிமனில் இருந்தாலும் வேறு வேறு அகலம் காட்டும். ஸ்கேனர் மென்பொருளிலேயே காமாவை 1 என்று வைக்க முடிந்தால் இந்தப் படி வேண்டாம்.

அளக்க ஏற்ற எழுத்து: ப

‘ப’வில் நிமிர்ந்த கால்கள் இரண்டு, கிடந்த அடிக்கோடு ஒன்று. வளைவே இல்லை. அளப்பதற்கென்றே பிறந்த எழுத்து என்பேன். பக்கத்தின் பல இடங்களிலிருந்து பத்து ‘ப’க்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரே மூலையிலிருந்து எடுக்காதீர்கள். மை எல்லா இடத்திலும் ஒரே அளவில் மங்குவதில்லை.

நேர்கோட்டுக் கருவியை இருமுறை சொடுக்கி, கோட்டின் அகலத்தை 15 பிக்சல் ஆக்குங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி, காலுக்குக் குறுக்கே, தாளில் தொடங்கித் தாளில் முடியும்படி ஒரு கோடு இழுங்கள். பிறகு `Analyze > Plot Profile`. ஒரு பள்ளத்தின் குறுக்குவெட்டு போன்ற வரைபடம் வரும்: இரு கரைகள் தாள், அடிமட்டம் மை. 15 பிக்சல் அகலத்துக்கும் சராசரி எடுப்பதால் தாளின் நார்களும் தூசும் அடங்கிவிடும். ஆனால் பக்கம் சாய்ந்திருந்தால் இதே சராசரி பள்ளத்தை அகலமாக்கிவிடும். ஒரு பாகைச் சாய்வு பொறுக்கத்தக்கது. அதற்கு மேல் என்றால் முதலில் படத்தை நிமிர்த்துங்கள்.

பாதி ஆழத்தில் அளவுகோல்

என்னிடம் இருந்த பக்கத்தில் ஒரு ‘ப’வின் காலுக்குக் குறுக்கே கிடைத்த எண்கள் இவை (0 கறுப்பு, 255 வெள்ளை):

```
214 212 196 168 148 143 142 142 143 147 165 194 210 214
```

தாள் 214, மை 142, பள்ளத்தின் ஆழம் 72. பாதி ஆழம் என்பது 214-இலிருந்து 36 குறைவு, அதாவது 178. இடப்பக்கம் 196-க்கும் 168-க்கும் நடுவிலும், வலப்பக்கம் 165-க்கும் 194-க்கும் நடுவிலும் வரைகோடு 178-ஐக் கடக்கிறது. அந்த இரு புள்ளிகளுக்கும் இடைத்தூரம் 7.8 பிக்சல். கோட்டின் தடிமன் அதுவே.

பாதி எதற்கு? ஸ்கேனரின் மங்கல் ஓரத்தை இருபுறமும் சமமாகப் பரப்புகிறது. உண்மையான ஓரம் ஏறக்குறைய நடுவில் நிற்கும். மை இன்னும் வெளுத்தால் பள்ளம் ஆழம் குறையும், பாதியும் கூடவே ஏறும், அகலம் மாறாது. மாறாக, 150 என்ற நிலையான வெட்டுக்கோடு வைத்தால் இதே கால் 6 பிக்சலாகிவிடும். கிட்டத்தட்ட கால்வாசி காணாமல் போகும். கண்ணும் இப்படித்தான் ஏமாறும்; நான் லைட்டைத் தேர்ந்தெடுத்த கதை இதுதான்.

பழைய ஈய எழுத்து அச்சில் பள்ளத்தின் நடுவில் ஒரு சிறு மேடு தெரியலாம். அழுத்தத்தில் மை ஓரங்களுக்குப் பிதுங்கியதால், ஓரம் கருத்து நடு வெளிர்ந்திருக்கும். அப்போது அடிமட்டத்தை நடுவில் எடுக்காமல், இரு ஓரக் குழிகளின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய கோடு ஏமாற்றும்

அடுத்து அடிக்கோடு. நிமிர்ந்த கோட்டுக்கும் கிடந்த கோட்டுக்கும் உள்ள தடிமன் விகிதமே எழுத்தின் முரண். மைக்கும் தாளுக்கும் உள்ள கருமை வேறுபாட்டையும் சிலர் இதே பெயரால் சொல்வதால் குழப்பம் வரும். இங்கே நான் சொல்வது தடிப்பு–மெலிவு விகிதத்தை மட்டுமே.

அதே ‘ப’வின் அடிக்கோட்டை மேலிருந்து கீழாக வெட்டியபோது கிடைத்தவை:

```
214 206 184 166 170 192 209 214
```

இங்கே பள்ளம் 166-க்குக் கீழே இறங்கவே இல்லை. மை இங்கு கூடுதலாக மங்கிவிட்டது என்று தோன்றும். பெரும்பாலும் அப்படியல்ல. கோடு ஸ்கேனரின் மங்கலைவிடக் குறுகலாக இருப்பதால், பள்ளம் அடியைத் தொடுமுன்னே மறுகரை வந்துவிடுகிறது. இந்தப் பள்ளத்தின் பாதி ஆழத்தில் அளந்தால் 3.2 பிக்சல் வரும். அது ஸ்கேனரின் மங்கலையும் சேர்த்து அளந்த அகலம்.

சரியான வழி, பள்ளத்தின் பரப்பைக் கூட்டி, தடித்த காலில் கண்ட முழு ஆழத்தால் வகுப்பது:

```
அகலம் = (தாள் − பிக்சல்) எல்லாவற்றின் கூட்டல் ÷ (தாள் − மை)
      = (8 + 30 + 48 + 44 + 22 + 5) ÷ 72
      = 157 ÷ 72 = 2.2
```

மங்கல் மையைப் பரப்புமே தவிரக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. அதனால் பரப்பு மாறுவதில்லை. இதே கணக்கைத் தடித்த காலில் போட்டுப் பாருங்கள், 7.75 வரும்; பாதி ஆழ முறையில் கிடைத்த 7.8-உடன் ஒத்துப்போகிறது. இரண்டும் விலகினால் தாள் அளவையோ மை அளவையோ தவறாக எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

முரண் 7.8 ÷ 2.2, அதாவது சுமார் 3.5. இதை அசைக்க முடியாத எண்ணாகக் கொள்ள வேண்டாம். மெல்லிய கோட்டில் 0.3 பிக்சல் பிசகினாலே விகிதம் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஊசலாடும். தவிர, மெல்லிய கோடும் தடித்த கோடும் ஒரே அளவில் மங்கியிருக்கின்றன என்ற அனுமானத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. அடிக்கோடு இடையிடையே அறுந்திருந்தால் மை உரிந்திருக்கிறது. அந்த ‘ப’வை விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். பத்து அளவுகளையும் வரிசைப்படுத்தி நடு எண்ணைக் கொள்ளுங்கள். ஒரு கறை சராசரியை இழுத்துவிடும், நடு எண்ணை அவ்வளவாக அசைக்காது.

முரண் முதலில், தடிமன் பிறகு

தொடக்கநிலையாளர்கள் இதை மாற்றிச் செய்கிறார்கள். மூலத்தின் முரண் 3.5; நீங்கள் எடுத்ததோ எல்லாக் கோடும் ஒரே பருமனான எழுத்துரு என்று வையுங்கள். கால்களை மூலத்துக்குச் சமமாக்கினால் அடிக்கோடுகள் மூன்று மடங்கு பருத்து, பக்கம் கரேலென்று ஆகும். பக்கத்தின் கருமையைச் சமமாக்கினால் கால்கள் மெலியும். எந்தத் தடிமன் எண்ணும் இதைச் சரிசெய்யாது. எனவே, நெருக்கமான முரண் உள்ள எழுத்துருக் குடும்பத்தை முதலில் பிடியுங்கள். நிமிர்ந்த கோடு தடிப்பா, கிடந்த கோடு தடிப்பா என்ற திசையும் பொருந்த வேண்டும். முரண் வேண்டுமென்றால் நோட்டோ செரிஃப் தமிழ் போன்றவற்றைப் பார்க்கலாம்; சீரான கோட்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். இரண்டிலும் 100 முதல் 900 வரை தடிமன்கள் உண்டு. ஒரு குடும்பத்தின் 400-ம் இன்னொன்றின் 400-ம் ஒரே தடிமன் அல்ல என்பதை மறக்காதீர்கள்.

இனி ஒப்பீடு. மூலத்தில் ‘ப’வின் உயரம் 62 பிக்சல், அதாவது சுமார் 2.6 மில்லிமீட்டர். நான் எடுத்த எழுத்துருவை ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் திறந்து ‘ப’வின் உயரத்தையும் காலின் அகலத்தையும் அளந்தேன். உயரத்தை 62-க்குக் கொண்டுவந்தால் ரெகுலரின் கால் 6.9 பிக்சல், மீடியத்தின் கால் 8.2. மூலம் 7.8. மீடியம்தான் என்று முடிவுகட்டத் தோன்றும்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் மறுபடி தவறியிருப்பேன். கோப்பில் இருக்கும் எழுத்துக்கு மை பரவல் கிடையாது. மூலத்தின் அளவில் பரவல் அடங்கியிருக்கிறது. என் அச்சுப்பொறியும் தன் பங்குக்குச் சிறிது பரப்பும். ஆகவே இரு தடிமன்களிலும் ஒரு வரி ‘ப’வை அதே உயரத்தில் அச்சிட்டு, அதே ஸ்கேனரில், அதே அமைப்பில், அதே காமாவுடன் அளந்தேன். ரெகுலர் 7.4, மீடியம் 8.7. இப்போது 7.8-க்கு நெருங்கியது ரெகுலர்.

நீங்கள் தரப்போவது அச்சு அல்ல, திரையில் படிக்கும் கோப்பு என்றால் இந்த அச்சுச் சோதனை பொருந்தாது; அங்கே கோப்பின் அளவே செல்லும், மீடியம் சரி. ஒரே மூலம், இரண்டு விடைகள்.

மூலம் ஒளிநகலாக மட்டும் கிடைத்தால் இந்த முறை பாதிதான் உதவும். நகல்பொறி தன் வெட்டுக்கோட்டை ஏற்கெனவே போட்டுவிட்டிருக்கும். பள்ளத்தின் கரைகள் செங்குத்தாக நின்றால் அதுவே அடையாளம். அளப்பது நகலின் தடிமனை, மூலத்தினுடையதை அல்ல.

கடைசியாகக் கண்ணுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். காமா மாற்றாத மூலப் படத்திலிருந்து தாளின் நிறத்தையும் மையின் நிறத்தையும் எடுத்து, புதிய பத்தியின் பின்னணிக்கும் எழுத்துக்கும் அவற்றையே கொடுங்கள். பிறகு இரண்டையும் திரையில் ஒரே அளவில் அருகருகே வையுங்கள். வெள்ளைத் தாளில் கரிய எழுத்தாக இருந்தபோது தடிப்பாகத் தெரிந்த மீடியம், என் திரையில் அந்த வெளிர்நிறத்தைப் பூசியதும் மூலத்தோடு கலந்துபோனது. லைட்டை அதே நிறத்தில் வைத்தபோது அடிக்கோடுகளே தெரியவில்லை.