நெடுஞ்சாலையில் மாடு மோதினால்: யார் பொறுப்பு, அடுத்து என்ன செய்வது?

போன ஐப்பசியில் ஒரு நாள் இரவு 11 மணிக்கு உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். நடுத்தடுப்பில் மேய்ந்துகொண்டிருந்த பசு ஒன்று சட்டென்று சாலையில் இறங்கிவிட்டது. பிரேக்கை அழுத்தியும் காரின் இடது முன்பக்கம் அதன் மேல் மோதியது. அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சாலை. வண்டியை ஓரங்கட்டி விளக்கைப் போட்டதும் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழையுங்கள். கீழே கிடக்கும் மாட்டின் மேல் அடுத்த வண்டி மோதுவதுதான் பெரிய ஆபத்து. மனிதருக்கு அடி என்றால் 108, கால்நடைக்கு 1962.

அப்புறம் படங்கள். வண்டி, பிரேக் தடம், மாடு நின்ற இடம் எல்லாவற்றையும் எடுங்கள். இடமும் நேரமும் படத்திலேயே பதியும் கேமரா செயலிதான் என் விருப்பம். அதைவிட நல்லது டேஷ்கேம். மாடு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று யாரிடமும் வாதாட வேண்டியிருக்காது.

மாட்டின் காதையும் கிட்டத்தில் எடுங்கள். மஞ்சள் பிளாஸ்டிக் தோடு இருந்தால் அதில் 12 இலக்க எண் இருக்கும். அதை வைத்துக் கால்நடை மருத்துவர் உரிமையாளரைக் கண்டுபிடித்துவிடலாம். தெருவில் திரிகிற மாடுகளில் பல, பால் கறக்க மட்டும் வீட்டுக்குப் போகிறவை. கவனிப்பில்லாமல் விட்டு ஆபத்து உண்டாக்கினால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவுப்படி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் நஷ்டத்தையும் அவரிடம் சிவில் வழக்கில் கேட்கலாம். ஆனால் நீங்கள் அதிவேகத்தில் வந்திருந்தால் அவரும் உங்களிடம் கேட்கலாம். யார் பக்கம் எவ்வளவு கவனக்குறைவு என்று பார்த்துத்தான் தீர்ப்பு வரும்.

நான் தவறிய இடம் பணம். பத்து நிமிடத்தில் கூட்டம் சேர்ந்தது. "சினை மாடு சார், ஐம்பதாயிரம் வைங்க" என்றார் ஒருவர். பேசிப் பேசி 15,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அவர்தான் உரிமையாளரா என்றுகூடக் கேட்கவில்லை.

அந்தப் பணம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தரவோ, தருகிறேன் என்று சொல்லவோ கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கிறது. நான் அதைப் படித்ததே இல்லை. மாட்டுக்காரருக்கு நியாயமான நஷ்டம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. மாடு சட்டப்படி அவருடைய உடைமை; மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் அவர் கேட்கலாம். மூன்றாம் நபர் உடைமைக்குக் காருக்கான பாலிசியில் வழக்கமாக 7.5 லட்சம் வரை பாதுகாப்பு இருக்கும். அதனால் கூட்டத்திடம் சொல்ல வேண்டியது இதுதான்: "இன்சூரன்ஸ் இருக்கிறது, வாங்க ஸ்டேஷனுக்குப் போவோம்." மிரட்டினால் 112-ஐ அழைத்துவிட்டு நேராகக் காவல் நிலையத்துக்கு ஓட்டுங்கள்.

காவல் நிலையம். அடுத்தவர் உடைமைக்குச் சேதம் என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 134-இன்படி 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்சூரன்ஸ். அன்றிரவே தகவல் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் ஒர்க்ஷாப்பில் எதையும் கழற்ற விடாதீர்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுப் பாலிசியிலும், தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' இல்லையென்றால், பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான். பில் சிறியது என்றால் கிளெய்ம் போடாமல் நோ கிளெய்ம் போனஸைக் காப்பாற்றுவதே லாபம்.

பின்சேர்க்கை: நாய் என்றால்? கருத்துப் பகுதியில் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தெருநாய்க்கு உரிமையாளர் இல்லை, அதனால் தனிநபர் யாரிடமும் கேட்க முடியாது. உள்ளாட்சியிடம் இழப்பீடு கேட்க வேண்டுமானால் நீதிமன்றம்தான் போக வேண்டும். ஓட்டியவர் மேல் குற்றம் வருமா? மும்பையில் நாய் மேல் பைக் மோதிய வழக்கில், மனித உயிருக்கான பிரிவுகள் நாய்க்குப் பொருந்தாது என்று 2022 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. வேண்டுமென்றே ஏற்றியிருந்தால் கதை வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

அடிபட்ட நாயை வெறுங்கையால் தூக்காதீர்கள், வலியில் கடிக்கும். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ரேபிஸ் ஊசிக்குப் போங்கள்.

நாய் குறுக்கே வந்து ஸ்கூட்டரிலிருந்து விழுந்த ஒருவர், வண்டி ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீட்டில் ஆஸ்பத்திரி பில் வருமா என்று கேட்டிருந்தார். வராது. அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்தான். மருத்துவச் செலவுக்குத் தனி மருத்துவக் காப்பீட்டில்தான் கேட்க வேண்டும்.